மிச்சம் வைக்காத புல்

பதுளையிலிருந்து பசறைப் பக்கம் போனாலும் பண்டாரவளைப் பக்கம் போனாலும், தேயிலை மலை எங்கே முடிகிறதோ அங்கே பெரும்பாலும் பத்தனை தொடங்கிவிடும். ஊவாவின் இந்தப் புல்வெளிகளில் மானாப்புல் இடுப்பளவு உயர்ந்து நிற்கும். கசக்கினால் எண்ணெய் வாசனை வீசும். முற்றிய மானாவை மாடு தின்னாது. அதனால் வறட்சி மாதங்களில் இடையர்கள் தீ வைப்பார்கள்; சாம்பலுக்குள்ளிருந்து வரும் இளந்தளிரை மாடு மேயும். தாவரவியலாளர் பியர்சன் இலங்கைப் பத்தனைகளைப் பற்றித் தமது ஆய்வை 1899இல் வெளியிட்டபோதே, இந்தப் புல்வெளிகளின் இருப்பில் தீக்குப் பங்கு உண்டு என்பது பேசப்பட்டது. மண் ஏழை மண், அமில மண். உரம் போட்ட தேயிலைக்கு நடுவே முளைக்கும் பூண்டுகளில் பல இங்கே தலைகாட்டுவதே இல்லை.

ஒரே மழை, ஒரே வெயில், பக்கத்துப் பக்கத்து மண். அப்படியிருக்க இங்கே மானாவும் அங்கே வேறொன்றும் ஆள்வது ஏன்? தாவரச் சூழலியலில் இந்தக் கேள்விக்கு எண்ணால் பதில் சொல்லத் துணிந்த கொள்கை ஒன்று உண்டு. வேகமாக வளரும் செடிதான் வெல்லும் என்று பலரும் நினைப்பதை அது மறுக்கிறது. எந்தச் செடி மிகக் குறைந்த சத்தில் உயிர் தரிக்கிறதோ, எந்தச் செடி மண்ணில் மற்றவற்றுக்குப் போதாத அளவுக்கு மிச்சத்தைக் கீழே இறக்குகிறதோ, அதுவே நாளடைவில் வெல்லும் என்கிறது.

இதைச் செடிகளுக்குப் பொருத்தி விரிவாக எழுதியவர் அமெரிக்கச் சூழலியலாளர் டேவிட் டில்மன். அவருடைய ‘வளப் போட்டியும் சமுதாய அமைப்பும்’ என்ற நூல் 1982இல் வந்தது. அதன் வேர் இன்னும் பழையது. ராபர்ட் மெக்கார்த்தர் போன்றோர் 1970களின் தொடக்கத்திலேயே இதே திசையில் சிந்தித்திருந்தார்கள். டில்மன் முதலில் புல்லைத் தொடவில்லை, நீரில் மிதக்கும் நுண்பாசிகளைத்தான் தொட்டார். காரணம் எளிது: கண்ணாடிக் குடுவைக்குள் நீர் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்கும், பாசி தலைமுறை தலைமுறையாகப் பெருகுவதைச் சில வாரங்களில் பார்த்துவிடலாம். மண்ணில் இரண்டுமே கிடைக்காது. 1970களின் பிற்பகுதியில் வெளிவந்த அவருடைய சோதனைகளில், சிலிக்கா பற்றாக்குறையில் ஒரு பாசியும் பாஸ்பேட் பற்றாக்குறையில் இன்னொன்றும் வென்றன. அவற்றைத் தனித்தனியே வளர்த்து எடுத்த அளவுகளிலிருந்தே அந்த வெற்றி முன்கூட்டிச் சொல்லப்பட்டிருந்தது.

கொள்கையின் நெஞ்சு இதுதான். ஒரு குடும்பத்துக்கு வரவும் செலவும் உண்டு. வரவு செலவைத் தாண்டினால் குடும்பம் தழைக்கும், குறைந்தால் தேயும். செடிக்கும் அப்படியே. அதன் வரவு வளர்ச்சி. மண்ணில் சத்து கூடக்கூட அது கூடும், ஓரளவுக்கு மேல் கூடாமல் நின்றுவிடும். அதன் செலவு இழப்பு: காய்ந்து விழும் இலை, அழுகும் வேர், மாடு கடித்தது, சுரண்டி சீவியது, கத்தி வெட்டியது. மண்ணில் எந்தச் சத்து அளவில் இந்த வரவும் செலவும் சரியாக ஒத்துப்போகின்றனவோ, அதுவே அந்தச் செடியின் சமன் அளவு. ஆய்வேடுகளில் இதை R* என்று எழுதுவார்கள்.

இரண்டு புற்கள் ஒரே துண்டு நிலத்தில், ஒரே ஒரு பற்றாக்குறைச் சத்துக்காகப் போட்டியிடுகின்றன என்று கொள்வோம். மண்ணில் சத்து மிகுந்திருக்கும் வரை இரண்டுமே வளரும். வளர வளர இரண்டும் சத்தை உறிஞ்சும். மண்ணில் மிச்சம் குறையும். ஒரு கட்டத்தில் மிச்சம் முதல் புல்லின் சமன் அளவுக்கு வந்துவிடும். அது வளரவும் மாட்டாது, தேயவும் மாட்டாது. ஆனால் இரண்டாவது புல்லின் சமன் அளவு அதைவிடக் கீழே இருந்தால், அது இன்னும் வளரும், இன்னும் உறிஞ்சும், மிச்சத்தை இன்னும் கீழே இழுக்கும். அந்த நொடியிலிருந்து முதல் புல்லுக்கு வரவு செலவுக்குப் போதாது. யாரும் அதைப் பிடுங்கவில்லை, நிழலிடவில்லை, நஞ்சும் ஊற்றவில்லை. ஆனாலும் அது மெல்ல மெல்ல இல்லாமல் போகும்.

இதைக் கணக்கிலேயே பார்க்கலாம். செடியின் உச்ச வளர்ச்சி வீதம் r. அந்த உச்சத்தில் பாதி வேகம் கிடைக்கத் தேவையான மண்சத்து k. இழப்பு வீதம் m. அப்போது R* = m × k ÷ (r − m). இதற்கு இரண்டு கற்பனைப் புற்களை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை, எந்தத் தோட்டத்திலும் அளந்தவை அல்ல. முதலாவது வேகப்புல்: வாரத்துக்கு உச்ச வளர்ச்சி 0.40, பாதி வேகத்துக்குத் தேவையான நைட்ரேட் ஒரு கிலோ மண்ணுக்கு 0.6 மில்லிகிராம், இழப்பு 0.10. இரண்டாவது நிதானப்புல்: உச்ச வளர்ச்சி 0.20, பாதி வேகத்துக்கு 0.1 மில்லிகிராம், இழப்பு 0.05.

மண்ணில் நைட்ரேட் 2 மில்லிகிராம் இருக்கும்போது, இழப்பைக் கழித்துப் பார்த்தால் வேகப்புல் வாரத்துக்கு ஏறக்குறைய 21 சதவீதமும் நிதானப்புல் 14 சதவீதமும் பெருகும். முதல் சில மாதங்களில் பார்க்க வருபவர் வேகப்புல்தான் வென்றுவிட்டது என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். ஆனால் சமன் அளவைப் போட்டுப் பார்த்தால் வேகப்புல்லுக்கு 0.20, நிதானப்புல்லுக்கு 0.033. மண்ணின் மிச்சம் 0.1 மில்லிகிராமுக்கு இறங்கும்போது வேகப்புல்லின் வளர்ச்சி 0.057 ஆகிவிடுகிறது, இழப்போ 0.10. அது தேய்கிறது. நிதானப்புல்லின் வளர்ச்சி 0.10, இழப்பு 0.05. அது இன்னும் பெருகுகிறது. வெற்றி யாருக்கு என்பதில் ஐயமில்லை.

தோட்டத்துக்காரர் உற்றுப் பார்க்கவேண்டிய இடம் இனிமேல்தான் வருகிறது. சூத்திரத்தில் m இருக்கிறது. அது மனிதன் கையில் உள்ள எண். இரண்டு புல்லையும் ஒன்றுபோல அடிக்கடி வெட்டினால், இரண்டின் இழப்போடும் 0.10 சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேகப்புல்லின் சமன் அளவு 0.6 ஆகிறது, நிதானப்புல்லுடையது 0.3. நிதானப்புல்லே இன்னும் முன்னணியில். வெட்டை இன்னும் கொஞ்சம் நெருக்கி 0.14 சேர்த்தால் வேகப்புல்லுக்கு 0.9, நிதானப்புல்லுக்கு 1.9. வெற்றி தலைகீழாக மாறிவிட்டது. நிதானப்புல்லின் உச்ச வளர்ச்சியே 0.20 என்பதால், இழப்பு 0.19 ஆனதும் அதற்கு மூச்சுவிட இடமில்லாமல் போகிறது. புல்லும் மண்ணும் உரமும் மாறவில்லை. வெட்டும் இடைவெளி மட்டும் மாறியது.

இவையெல்லாம் தாளில் சரி. நிலத்தில்? அதற்கு மினசோட்டா மாநிலத்தின் சீடர் கிரீக் ஆய்வு நிலையத்துக்குப் போகவேண்டும். மணற்பாங்கான, நைட்ரஜன் வறிய இடம் அது. டில்மனும் டேவிட் வெடினும் 1980களில் அங்கே ஐந்து புல்லினங்களை எடுத்துக்கொண்டார்கள். அகுரோஸ்டிஸ் என்ற மெல்லிய புல்லும் அகுரோபைரன் என்ற படரும் புல்லும் கைவிடப்பட்ட வயல்களில் முதலில் வருபவை. புல்வெளிகளில் நிலைத்துவிடுபவை ஸ்கிசாகைரியம், ஆண்ட்ரோபோகன் என்ற இரண்டு கொத்துப் புற்கள். ஐந்தாவது போவா. இவற்றில் ஆண்ட்ரோபோகன் நமது மானாவுக்கு நெருங்கிய உறவு. ஸ்கிசாகைரியமும் அதே கூட்டத்தைச் சேர்ந்ததுதான்.

செய்த வேலை நேரடியானது, ஆனால் பொறுமை வேண்டியது. கறுப்பு மேல்மண்ணை மணலான அடிமண்ணோடு வெவ்வேறு விகிதங்களில் கலந்து, நைட்ரஜன் குறைந்த நிலையிலிருந்து மிகுந்த நிலை வரை பாத்திகள் அமைத்தார்கள். ஒவ்வொரு இனத்தையும் முதலில் தனித்தனியே வளர்த்தார்கள். வேர்கள் முழுமையாகப் பரவிய பின், மண்ணை எடுத்து உப்புக் கரைசலில் ஊறவைத்து, கரைந்துவந்த நைட்ரேட்டையும் அம்மோனியத்தையும் அளந்தார்கள். இங்கே அளக்கப்படுவது மண்ணில் உள்ள மொத்த நைட்ரஜன் அல்ல. அது மக்கிற்குள் பூட்டிக் கிடக்கும். செடி குடித்தபிறகு தங்கியிருக்கும் மிச்சமே அந்த இனத்தின் R*க்கு நிலத்தில் கிடைக்கும் அடையாளம். வறிய மண்ணில் ஸ்கிசாகைரியமும் ஆண்ட்ரோபோகனும் மிச்சத்தை மற்ற மூன்றையும்விடக் கீழே இறக்கியிருந்தன. அவற்றின் வேர்ப்பகுதி பெருத்திருந்தது. எந்த இனம் மண்ணில் அதிக வேரை வைத்திருந்ததோ, அந்த இனத்தின் பாத்தியில்தான் நைட்ரேட் குறைந்திருந்தது.

அதன்பின் இனங்களை இரண்டிரண்டாகச் சேர்த்து விதைத்தார்கள். விதை விகிதத்தையும் மாற்றிப் பார்த்தார்கள். ஒருசில பாத்திகளில் தோற்கவேண்டிய புல்லுக்கே பெரும் பங்கு கொடுக்கப்பட்டது. நைட்ரஜன் குறைந்த மண்ணில் சில ஆண்டுகளுக்குள் கொத்துப் புற்கள் அகுரோஸ்டிஸையும் அகுரோபைரனையும் ஓரங்கட்டின. ஆரம்பத்தில் யார் அதிகம் என்பது வெகுகாலம் பேசவில்லை. தனிப் பாத்தியில் அளந்த மிச்சம், கூட்டுப் பாத்தியின் முடிவை முன்பே சொல்லியிருந்தது. நைட்ரஜன் மிகுந்த பாத்திகளில் கதை இவ்வளவு சீராக ஓடவில்லை. அங்கே பற்றாக்குறை ஒளிக்கு மாறிவிட்டது. உயரமும் முதலில் வந்த உரிமையும் எடை கூடின.

கொள்கைக்கு வலுவூட்டும் இன்னொரு கண்டுபிடிப்பும் அதே பாத்திகளிலிருந்து வந்தது. 1990இல் வெடினும் டில்மனும் வெளியிட்ட முடிவு அது: ஒரே மண்ணில் தொடங்கிய தனிப் பாத்திகளில் மூன்றாம் ஆண்டுக்குள் மண்ணில் நைட்ரஜன் விடுபடும் வீதம் இனத்துக்கு இனம் பத்து மடங்கு வரை விலகியிருந்தது. நைட்ரஜன் குறைந்த வேரையும் இலையையும் உதிர்க்கும் புல், அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்களைப் பட்டினி போடுகிறது. அவை மண்ணிலுள்ள நைட்ரஜனையும் பிடித்துக்கொள்கின்றன. இப்படி அந்தப் புல் தான் பிழைக்கக்கூடிய, மற்றது பிழைக்க முடியாத வறுமையைத் தானே உண்டாக்குகிறது.

இதை வைத்துக்கொண்டு ஊவாவின் தோட்டத்துக்குத் திரும்பினால், கண்முன் இருக்கும் ஒரு வேலை புதிய வெளிச்சத்தில் தெரியும். பழைய தேயிலையைப் பிடுங்கியபின் உடனே புதுக் கன்றை நடாமல், ஒன்றரை வருடம் இரண்டு வருடம் மானாவையோ குவாத்தமாலா புல்லையோ நடுவது தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் சொல்லிவரும் முறை. புல்லை அவ்வப்போது வெட்டி நிலத்திலேயே பரப்புவார்கள். மண்ணின் கட்டமைப்பும் கரிமப் பொருளும் மீளும். களையும் அடங்கும். களை ஏன் அடங்குகிறது என்பதற்கு நிழல்தான் காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படும். உயர்ந்த புல்லின் கீழே அது உண்மைதான். ஆனால் ஒளி விழும் இடைவெளிகளிலும் பல பூண்டுகள் நோஞ்சானாக நிற்பதற்கு, நைட்ரஜன் மிச்சம் கீழே போய்விட்டதே காரணமாக இருக்கக்கூடும். எது காரணம் என்று தெரிந்துகொள்ள வழி உண்டு: இடைவெளியில் ஒரு சின்ன வட்டத்துக்கு மட்டும் யூரியா போட்டுப் பார்ப்பது. அங்கே பூண்டு தழைத்தால் பற்றாக்குறை நைட்ரஜனில். தழைக்காவிட்டால் நிழலிலோ பாஸ்பரஸிலோ அமிலத்தன்மையிலோ தேடவேண்டும்.

கத்தியின் கணக்கும் இங்கே வந்து நிற்கிறது. புல்லை நெருக்கி வெட்டும் தோட்டமும் நீண்ட இடைவெளி விட்டு வெட்டும் தோட்டமும் ஒரே புல்லை நட்டிருந்தாலும், அந்தப் புல்லின் சமன் அளவு இரண்டு இடத்திலும் வேறு. நெருக்கி வெட்டும் நிலத்தில் புல் இழந்த இலையை ஈடுகட்ட அதிக நைட்ரேட் கேட்கும். அதனால் மண்ணில் மிச்சமும் அதிகம் தங்கும். அந்த மிச்சத்தில் பூண்டு நுழையும். வெட்டிய இலையை நிலத்திலேயே விடுவது நைட்ரஜனைத் திருப்பிக் கொடுக்கிறது என்பது உண்மை. ஆனால் மானா போன்ற நைட்ரஜன் குறைந்த இலை மக்கும்போது முதலில் நுண்ணுயிர்களே பிடித்துக்கொள்ளும். அந்தக் கட்டத்தில் நட்ட இளங்கன்று வெளிறி நிற்பதைப் பார்த்தால், நோய் என்று மருந்தைத் தேடுமுன் மண்ணின் நைட்ரேட்டை அளப்பது நல்லது.

பத்தனைத் தீயும் இந்தக் கணக்குக்குள் அடங்குகிறது. புல் எரியும்போது அதிலுள்ள நைட்ரஜனில் பெரும்பகுதி ஆவியாகக் காற்றோடு போய்விடும். பாஸ்பரஸும் கால்சியமும் பெரும்பாலும் சாம்பலில் தங்கிவிடும். ஆண்டுதோறும் எரிந்தால் நிலம் நைட்ரஜனுக்கு மட்டும் மேலும் மேலும் ஏங்கும். அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைக்கும், குறைந்த நைட்ரஜனில் வாழும் மானாவுக்கு அந்த ஏக்கம் சாதகம். மர நாற்றுக்குத் தீயும் பகை, இந்த வறுமையும் பகை. பத்தனை பத்தனையாகவே நீடிப்பதில் இரண்டில் எதன் பங்கு எவ்வளவு என்பது அளந்து பார்க்கத் தகுந்த கேள்வி.

2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை அரசு தடைசெய்தது. அந்த ஆண்டு நவம்பரில் தடை விலக்கப்பட்டது. மலையகத் தோட்டங்களில் உரத் தட்டுப்பாடு நிலவிய மாதங்கள் அவை. R* கொள்கை இதை எப்படிப் பார்க்கும்? உரம் குறைந்தால் எந்தச் செடியின் R*உம் மாறாது. மண்ணுக்கு வரும் வரத்துதான் குறையும். உரம் நிறைந்த தேயிலை மலையில் போட்டி ஒளிக்காக நடக்கிறது. மேற்பரப்பு மூடிய தேயிலையே அங்கே எஜமான். உரம் குறைந்து இலை மெலிந்து, கவ்வாத்துக்குப் பின் மூடல் தாமதமானால் ஒளி நிலத்தில் விழும். போட்டி மறுபடி நைட்ரஜனுக்கு வந்துவிடும். குறைந்த மிச்சத்தில் வாழும் புல்லினங்களுக்கு அது கதவைத் திறந்துவிடும் என்பதே எதிர்பார்ப்பு. தடைக்காலத்துக்கு முன்னும் பின்னும் களைக் கணக்கு வைத்திருந்த தோட்டம் எதுவாவது இருந்தால், அந்தப் பதிவேடு இதைச் சோதிக்க உதவும்.

எல்லைகளையும் சொல்லியாகவேண்டும். 2005இல் வெளிவந்த மதிப்பாய்வு ஒன்று, இந்தக் கொள்கையை மேற்கோள் காட்டிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் துருவியது. முறையான சோதனை என்று ஏற்கத்தக்கவை 42 மட்டும் கிடைத்தன. அவற்றில் பல குடுவைப் பாசிகளைப் பற்றியவை. மண்ணில் நைட்ரேட் ஒன்றுபோலப் பரவி இருப்பதில்லை. சாய்வில் மழை அதைக் கழுவிக் கானுக்குள் கொண்டுபோகும். சத்து மற்ற வேர்களுக்குப் போய்ச் சேருமுன்பே முதலில் எட்டிப் பிடித்த வேர் அதை விழுங்கிவிட்டால், சராசரி மிச்சத்தைவிட யார் எவ்வளவு இடத்தில் வேரை வைத்திருக்கிறார் என்பதே முக்கியமாகிவிடும் என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது. இன்னொன்று: R* ஓர் இனத்தின் நிரந்தர முத்திரை அல்ல. வெப்பம், ஈரம், வெட்டு எல்லாம் அதை நகர்த்தும். அப்புத்தளை உயரத்தில் எடுத்த எண்ணைப் பசறையில் அப்படியே வைத்துக்கொள்ள முடியாது.

அளப்பதில் வரும் தவறுகளும் அறிந்தவையே. பாத்தி போட்டு முதல் வருடமே அளந்தால் வேர் பரவியிருக்காது; எண் பொய்யாக உயர்ந்து நிற்கும். மழைக்கு மறுநாள் எடுத்த மண்ணும், உரம் போட்ட கையோடு எடுத்த மண்ணும் பயனில்லை. எடுத்த மண்ணை வெயிலில் பையில் வைத்திருந்தால் நுண்ணுயிர்களே நைட்ரேட்டை உண்டாக்கிவிடும். அன்றே குளிரில் வைத்துப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் பிரித்தெடுக்கவேண்டும். மாதாமாதம் எடுத்த அளவு இறங்கிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்துக்குப்பின் மழையோடு மட்டும் ஏறி இறங்கினால், அப்போதுதான் சமன் அளவைத் தொட்டதாகக் கொள்ளலாம்.

இதைச் செய்ய ஊவாவில் எல்லாம் இருக்கிறது. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. பசறையில் தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் நிலையம் இருக்கிறது. பிடுங்கிய தேயிலை நிலம் ஒவ்வோர் ஆண்டும் கிடைக்கிறது. மானா, குவாத்தமாலா, இலுக்கு ஆகிய மூன்றையும் தனித்தனிப் பாத்திகளில் இரண்டு வருடம் வளர்த்து, ஒரு பகுதியை நெருக்கியும் மற்றதை இடைவெளி விட்டும் வெட்டி, மிச்ச நைட்ரேட்டை அளந்து, எந்தப் பாத்தியில் களை எவ்வளவு நுழையும் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு, பிறகு எண்ணிப் பார்க்கட்டும். மாணவர் ஒருவரும், மண் எடுக்கத் தெரிந்த தோட்டத் தொழிலாளர் இருவரும், நிலம் தரும் ஒரு தோட்டமும் இருந்தால் போதும். இந்த அவையில் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அடுத்த மறுநடவு நிலத்திலேயே தொடங்கும்படி அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.